57 லட்சமா, 69 லட்சமா? ஒரே பென்ஷனுக்கு இரண்டு விலை

ஒரு பொதுத்துறை வங்கியின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் பெரும்பாலானவர்கள் லாபம், வாராக்கடன், டிவிடெண்ட் இவற்றைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் நேராகப் பின்பக்கம் போய், கணக்குக் குறிப்புகளில் ஊழியர் பலன்கள் என்று ஒரு பகுதி இருக்குமே, அதைத்தான் முதலில் தேடுவேன். அங்கே பென்ஷன் கடப்பாடு என்று ஆயிரக்கணக்கான கோடியில் ஒரு தொகை இருக்கும், அதற்குக் கீழே சின்னதாக நாலைந்து சதவீதங்கள் இருக்கும். அந்தச் சதவீதங்களில் ஒன்றை அரைப் புள்ளி நகர்த்தினால் மேலே உள்ள தொகை நூற்றுக்கணக்கான கோடி நகரும். யாருக்கும் ஒரு ரூபாய்கூட கூடுதலாகவோ குறைவாகவோ பென்ஷன் போகாது, ஆனாலும் லாபம் மாறிவிடும்.

இது எப்படி நடக்கிறது என்று ஒரே ஒரு ஆளை வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் வங்கி பென்ஷனைப் பற்றி இரண்டு வரி. 1995-ல் வந்த பென்ஷன் விதிமுறைப்படி, 33 ஆண்டு சர்வீஸ் முடித்தவருக்குக் கடைசிப் பத்து மாத சராசரி ஊதியத்தில் பாதி பென்ஷன், அதன் மேல் விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் பஞ்சப்படி. 2010 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது, அவர்கள் என்.பி.எஸ். திட்டத்தில் இருக்கிறார்கள். என்.பி.எஸ்.ஸில் வங்கி மாதாமாதம் தன் பங்கைக் கட்டிவிட்டால் அதோடு கடமை முடிந்தது. பழைய திட்டத்தில் வங்கி வாக்குக் கொடுத்திருப்பது பலனுக்கு. அந்த மனிதர் எத்தனை வயது வரை வாழ்ந்தாலும், விலைவாசி எவ்வளவு ஏறினாலும் கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு ஆகும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது, ஆனால் மார்ச் 31 அன்று பேலன்ஸ் ஷீட்டில் ஒரு எண் எழுதியாக வேண்டும். அந்த எண்ணைக் கணித்துத் தருபவர்தான் ஆக்சுவரி.

சரி, நம் ஆளுக்கு வருவோம். ஒரு வங்கி அதிகாரி, வயது 50, சேர்ந்து 23 ஆண்டு ஆகிறது, 60-ல் ஓய்வு பெறும்போது சரியாக 33 ஆண்டு முடியும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 1 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கம்யூடேஷன் வசதியையும் விட்டுவிடுகிறேன், அது சேர்ந்தால் கணக்கு நீளுமே தவிர விஷயம் மாறாது.

ஆக்சுவரி முதலில் எதிர்காலத்துக்குப் போகிறார். சம்பளம் ஆண்டுக்கு 5% ஏறும் என்று வைத்தால் பத்து ஆண்டில் 1 லட்சம் என்பது சுமார் 1,62,900 ஆகும். அதில் பாதி பென்ஷன், அதாவது மாதம் 81,400-க்குச் சற்று மேல், ஆண்டுக்கு சுமார் 9.77 லட்சம். இந்த அதிகாரி 82 வயது வரை, 22 ஆண்டு பென்ஷன் வாங்குவார், பஞ்சப்படியால் அது ஆண்டுக்கு 4% ஏறும் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் ஆக்சுவரி 82 என்று ஒரே வயதை வைக்க மாட்டார், ஒவ்வொரு வயதிலும் உயிரோடு இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று இறப்பு அட்டவணையிலிருந்து எடுத்துப் பெருக்குவார். நமக்கு 82 போதும்.

இப்போது திரும்பி வர வேண்டும். 2040-களில் கொடுக்கப்போகும் ரூபாய்க்கு இன்றைய மதிப்பு குறைவு. எவ்வளவு குறைவு என்று சொல்வதுதான் டிஸ்கவுன்ட் ரேட். அதை 7% என்று வைத்தால், 60 வயதில் அந்த 22 ஆண்டுப் பென்ஷன் மொத்தத்தின் மதிப்பு சுமார் 1.62 கோடி. அதை இன்னும் பத்து ஆண்டு பின்னுக்கு இழுத்து இன்றைக்குக் கொண்டுவந்தால் 82.4 லட்சம். ஆனால் இவர் 33 ஆண்டில் 23-தான் முடித்திருக்கிறார், மீதிப் பத்து ஆண்டுக்கான உழைப்பு இனிமேல்தான் வரும், அதனால் அதற்கான பென்ஷனை இன்றைக்கே கடனாகக் காட்ட வேண்டியதில்லை. 33-ல் 23 பங்கு எடுத்தால் 57.4 லட்சம். இவருக்காக இன்று வங்கியின் கடப்பாடு அவ்வளவுதான்.

இதே அதிகாரி, இதே சம்பளம், இதே 82 வயது. டிஸ்கவுன்ட் ரேட்டை மட்டும் 7-லிருந்து 6 ஆக்குங்கள். 57.4 லட்சம் 69 லட்சமாகிவிடும். ஒரே ஒரு புள்ளிக்கு 20 சதவீதம். பணம் கொடுக்க வேண்டிய நாள் அவ்வளவு தூரத்தில் இருப்பதால்தான் இந்த வேகம். ஏற்கெனவே ஓய்வு பெற்று 75 வயதில் இருப்பவரின் பென்ஷனில் இதே ஒரு புள்ளி இவ்வளவு ஆட்டம் காட்டாது, ஏனென்றால் அவருக்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இளைஞர்கள் அதிகம் இருக்கும் நிறுவனத்தின் எண் அதிகம் ஆடும், வயதானவர்கள் அதிகம் இருக்கும் நிறுவனத்தின் எண் குறைவாக ஆடும்.

இந்த டிஸ்கவுன்ட் ரேட்டை நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது என்பது ஒரு ஆறுதல். இந்தியாவில் கணக்கியல் தரம் 15-ம் சரி, பெரிய கம்பெனிகள் பின்பற்றும் இன்ட் ஏ.எஸ். 19-ம் சரி, அந்தத் தேதியில் அரசுக் கடன் பத்திரங்கள் தரும் வருமானத்தைத்தான் எடுக்கச் சொல்கின்றன. சர்வதேசத் தரமான ஐ.ஏ.எஸ். 19 முதலில் உயர்தரக் கம்பெனிப் பத்திரங்களைப் பார்க்கச் சொல்கிறது. நம் ஊரில் நீண்ட காலக் கம்பெனிப் பத்திரச் சந்தை ஆழமாக இல்லை என்பதால் இந்தியத் தரம் அந்த வழியை விட்டுவிட்டது. ஆகவே நிறுவனத்தின் கையில் இல்லாவிட்டாலும் சந்தையின் கையில் இருக்கிறது. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வருமானம் 2021 மார்ச் இறுதியில் சுமார் 6.2%, 2023 மார்ச் இறுதியில் சுமார் 7.3%, 2025 மார்ச் இறுதியில் சுமார் 6.6%. நான்கு ஆண்டுக்குள் ஒரு புள்ளிக்கு மேல் ஏறி, முக்கால் புள்ளி இறங்கியிருக்கிறது. நம் அதிகாரி தினமும் அதே மேசையில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய பென்ஷனின் மதிப்பு மட்டும் ஊஞ்சல் ஆடியிருக்கும்.

மற்ற அனுமானங்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கலாம். டிஸ்கவுன்ட் ரேட் 7-லேயே இருக்க, சம்பள உயர்வை 5-லிருந்து 6 ஆக்கினால் 63.1 லட்சம். அதை 5-லேயே விட்டு, ஓய்வுக்குப் பின் பஞ்சப்படி ஏற்றத்தை 4-லிருந்து 5 ஆக்கினால் 62.9 லட்சம். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் 69 லட்சத்துக்கும் கொஞ்சம் மேலே போகும்.

அந்த 69 எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதா? ஆமாம், டிஸ்கவுன்ட் ரேட்டை ஒரு புள்ளி குறைத்தபோது வந்த அதே இடம். இது தற்செயல் இல்லை. வளர்ச்சி ஒரு பக்கம் மேலே இழுக்கிறது, டிஸ்கவுன்ட் இன்னொரு பக்கம் கீழே இழுக்கிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உண்மையில் எண்ணைத் தீர்மானிக்கிறது. சோதித்துப் பார்க்க மூன்றையும் ஒரே சமயத்தில் ஒரு புள்ளி குறையுங்கள்: டிஸ்கவுன்ட் 6, சம்பளம் 4, பஞ்சப்படி 3. விடை 57.2 லட்சம். தொடங்கிய இடத்துக்கே கிட்டத்தட்ட வந்துவிட்டோம்.

எனக்கு இந்த விஷயம் புரிய ரொம்ப நாள் ஆனது, புரிந்த பிறகு ஆண்டறிக்கை வாசிப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. டிஸ்கவுன்ட் ரேட் 6.8 என்று ஒரு நிறுவனமும் 7.2 என்று இன்னொன்றும் போட்டிருந்தால், உடனே இரண்டாமவர் கடப்பாட்டைக் குறைத்துக் காட்டுகிறார் என்று சொல்லிவிடக் கூடாது. பக்கத்தில் சம்பள உயர்வு என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்துக் கழித்துப் பார்க்க வேண்டும். பத்திர வருமானம் இறங்குவது பல சமயம் விலைவாசி ஏற்றம் குறையும் என்ற எதிர்பார்ப்பால்தான், அப்படியானால் சம்பள அனுமானமும் கூடவே கொஞ்சம் இறங்குவது நியாயம். ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. பத்திர வருமானம் ஏறிய ஆண்டில் டிஸ்கவுன்ட் ரேட்டை ஏற்றிக்கொண்டு, சம்பள உயர்வை மட்டும் ‘பழையபடியே இருக்கட்டும்’ என்று விட்டுவிட்டால் கடப்பாடு அழகாகச் சுருங்கும். அனுமானங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்க வேண்டும் என்று தரம் சொல்வது இதைத் தடுக்கத்தான்.

சம்பள உயர்வு அனுமானம்தான் பேரம் நடக்கும் இடம். டிஸ்கவுன்ட் ரேட்டைச் சந்தையில் சரிபார்க்கலாம், இறப்பு அட்டவணை அச்சடித்து இருக்கிறது, ஆனால் சம்பளம் எப்படி ஏறும் என்பது நிர்வாகத்துக்குத்தான் தெரியும். அனுமானங்களுக்குப் பொறுப்பு நிறுவனம்தான், ஆக்சுவரி ஆலோசனைதான் சொல்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ஏப்ரல் மாதக் கணக்கு முடிப்பு ஒன்றில் ஒரு நிதித் தலைவர் போனில், "சார், ஆறு வேண்டாம், அஞ்சு போட்டா எவ்வளவு வரும்னு மட்டும் சொல்லுங்களேன்" என்று கேட்டதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்தவர், "எவ்வளவு வரும்னு சொல்றேன் சார். ஏன் அஞ்சுன்னு நீங்க எனக்கு எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். போன் சீக்கிரமே வைக்கப்பட்டது, ஆறுதான் நின்றது. எல்லா ஆண்டும் எல்லா இடத்திலும் அப்படி நிற்கும் என்று சொல்ல மாட்டேன்.

வங்கிகளில் இன்னொரு சிக்கல், சம்பளம் ஆண்டுக்கு 5% என்று வழவழப்பாக ஏறுவதில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் பேசி முடிக்கும் இருதரப்பு ஒப்பந்தம் வரும், அதுவும் தாமதமாக வரும். 2017 நவம்பரிலிருந்து அமலாக வேண்டிய 11-வது ஒப்பந்தம் 2020 நவம்பர் 11-ல்தான் கையெழுத்தானது. 2022 நவம்பரிலிருந்து அமலாகும் 12-வது ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கையெழுத்தானது. முதலாவதில் 15%, அடுத்ததில் 17% உயர்வு. இடைப்பட்ட ஆண்டுகளில் வங்கி எவ்வளவு எதிர்பார்த்து ஒதுக்கி வைத்தது என்பதைப் பொறுத்து, கையெழுத்தான காலாண்டில் பென்ஷன் கணக்கு அமைதியாகத் தாண்டிவிடும் அல்லது லாபத்தைக் கடித்துவிடும்.

அப்புறம் ஆயுள். நம் அதிகாரி 82-க்குப் பதில் 85 வரை இருந்தால் 57.4 லட்சம் 62.8 லட்சமாகும். மூன்று ஆண்டுக்கு 9 சதவீதத்துக்கு மேல். இங்கே பார்க்க வேண்டியது எந்த அட்டவணை என்பதை. இந்தியாவில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன: ஆயுள் காப்பீடு எடுத்தவர்களின் அனுபவத்திலிருந்து செய்தது ஒன்று, 2012-14 என்று பெயரில் இருக்கும், ஆண்டுத்தொகை, அதாவது பென்ஷன் வாங்குபவர்களின் அனுபவத்திலிருந்து செய்தது இன்னொன்று, 2012-15 என்று இருக்கும். பென்ஷன் வாங்குபவர்கள் பொதுவாக நீண்ட நாள் வாழ்கிறார்கள். வேலையில் இருக்கும்போதே முடிந்துவிடும் கிராஜுவிட்டிக்கு முதல் அட்டவணை போதும். ஓய்வுக்குப் பிறகான இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கும் அதையே போட்டிருந்தால் கணக்கில் மட்டும் ஓய்வூதியர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துகொண்டிருப்பார்கள்.

ஆயுளோடு சேர்ந்து வருவது குடும்ப ஓய்வூதியம். இதுவரை நம் கணக்கில் அது இல்லவே இல்லை. அதிகாரிக்குப் பின் கணவர் 5 ஆண்டு வாழ்கிறார், அவருக்கு ஊதியத்தில் 30% கணக்கில் பென்ஷன் போகிறது என்று சேர்த்தால் இன்னும் 5¼ லட்சம் கூடும். எத்தனை பேருக்குத் துணை இருக்கிறார், வயது வித்தியாசம் எவ்வளவு என்பதெல்லாம் தனி அனுமானங்கள். நம் ஊரில் கணவர் மூத்தவர், மனைவி சில வயது இளையவர் என்ற வழக்கம் கணக்கில் நேராகப் பணமாகத் தெரியும், ஏனென்றால் அந்த மனைவி அத்தனை ஆண்டு கூடுதலாகப் பென்ஷன் வாங்குவார்.

ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அனுமானம் மாறுவது வேறு, வாக்குறுதியே மாறுவது வேறு. வங்கிகளில் முன்பு குடும்ப ஓய்வூதியம் 15, 20, 30 என்று அடுக்கடுக்காக இருந்தது, உச்சவரம்பு மாதம் 9,284 ரூபாய். 11-வது ஒப்பந்தத்தில் ஒரே சீராக 30%, உச்சவரம்பு இல்லை என்று பேசி, 2021 ஆகஸ்ட்டில் அரசு ஒப்புதல் கொடுத்தது. இது ஆக்சுவரியின் கணிப்பு தவறியதால் வந்த சுமை இல்லை, பலனே கூடியதால் வந்தது. விதிப்படி அந்தக் கூடுதல் கடப்பாட்டை உடனே செலவாகக் காட்ட வேண்டும். அது பெரிய தொகையாக இருந்ததால், 2021 அக்டோபர் 4 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கையில் ஐந்து ஆண்டுக்குள் பிரித்து எழுதிக்கொள்ளலாம், ஆண்டுக்குக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு என்று சலுகை கொடுத்தது. முன்பு பென்ஷனைத் தேர்ந்தெடுக்காத ஊழியர்களுக்கு 2010-ல் வங்கிகள் இரண்டாவது வாய்ப்பு கொடுத்தபோதும், ரிசர்வ் வங்கி 2011-ல் இதே போல ஐந்து ஆண்டு கொடுத்தது. அப்படிப் பிரித்துக்கொண்ட வங்கியின் அந்த ஆண்டுகளின் பேலன்ஸ் ஷீட்டில் கடனின் ஒரு பகுதி லாபக் கணக்குக்குள் வராமல் வெளியே நிற்கும். எவ்வளவு நிற்கிறது என்று குறிப்பில் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள், கவனமாகத் தேட வேண்டும்.

இப்போது ஒரு ஆளை விட்டு முழு வங்கிக்கு வருவோம். கடப்பாடு முழுவதும் பேலன்ஸ் ஷீட்டில் கடனாக நிற்பதில்லை. வங்கி ஒரு தனி அறக்கட்டளையில் பென்ஷன் நிதி வைத்திருக்கும், அதில் உள்ள சொத்தைக் கழித்து மீதிதான் காட்டப்படும். கற்பனையாக ஒரு வங்கி: கடப்பாடு 10,000 கோடி, நிதியில் 9,700 கோடி, மீதி 300 கோடி. பத்திர வருமானம் அரைப் புள்ளி இறங்குகிறது. வயதானவர்களும் இருப்பதால் கடப்பாடு நம் அதிகாரியுடையது போல 10 சதவீதம் ஏறாது, 5.5% ஏறுகிறது என்று வைப்போம், அதாவது 550 கோடி. நிதியில் உள்ள பத்திரங்களின் விலையும் ஏறும், 3% என்றால் 291 கோடி. கழித்தால் 300 கோடி 559 கோடியாக நிற்கிறது. பெரிய இரண்டு எண்களின் வித்தியாசம் என்பதால் மேலே லேசாக அசைந்தாலும் கீழே கிட்டத்தட்ட இரட்டிப்பு. பத்திரங்களின் ஆயுள் பென்ஷன்களின் ஆயுளைவிடக் குறைவாக இருப்பதுதான் இந்த 259 கோடிக்குக் காரணம்.

இந்த 259 கோடி எங்கே போகிறது என்பது எந்தத் தரம் என்பதைப் பொறுத்தது. இன்ட் ஏ.எஸ். 19 பின்பற்றும் கம்பெனியில் அது லாபத்தைத் தொடாமல் இதர விரிவான வருமானம் என்ற தனி இடத்துக்குப் போய்விடும், பிறகு லாபத்துக்குத் திரும்பி வராது. வங்கிகளுக்கு இன்ட் ஏ.எஸ். அமலை ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் காலவரையின்றித் தள்ளி வைத்ததால் அவை இன்னும் பழைய தரம் 15-ல்தான் இருக்கின்றன, அங்கே முழுத் தொகையும் அந்தக் காலாண்டு லாபத்திலேயே அடிக்கும். வேடிக்கை என்னவென்றால் அதே வருமான இறக்கத்தில் வங்கியின் டிரஷரி பிரிவு பத்திர விற்பனையில் லாபம் சம்பாதித்துக்கொண்டிருக்கும். வட்டி இறங்கிய காலாண்டில் டிரஷரி லாபத்தைப் பாராட்டும்போது ஊழியர் செலவு வரியையும் கூட வைத்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

பெரிய கம்பெனிகளின் குறிப்பில் உணர்திறன் அட்டவணை என்று ஒன்று இருக்கும், டிஸ்கவுன்ட் ரேட் அரைப் புள்ளி மாறினால் இவ்வளவு, சம்பள உயர்வு அரைப் புள்ளி மாறினால் இவ்வளவு என்று. நல்லதுதான், ஆனால் ஒன்றை மட்டும் அசைத்து மற்றதைக் கட்டிப்போட்டுப் போட்ட கணக்கு அது. நிஜத்தில் இரண்டும் சேர்ந்தே நகரும் என்பதை மேலே பார்த்தோம். தரம் 15-ல் இந்த அட்டவணை கேட்கப்படுவதில்லை, அதனால் வங்கிகளில் பெரும்பாலும் தேடினாலும் கிடைக்காது. அதற்குப் பதில் எல்லா அறிக்கையிலும் அச்சுப் பிசகாமல் ஒரு வாக்கியம் இருக்கும்: சம்பள உயர்வை மதிப்பிடும்போது பணவீக்கம், பணிமூப்பு, பதவி உயர்வு, வேலைச் சந்தையின் தேவையும் வரத்தும் ஆகியவை கணக்கில் கொள்ளப்பட்டன என்று. தரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது, அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க உதவுவது அனுபவச் சரிக்கட்டல் என்ற வரி. ஆண்டுத் தொடக்கத்தில் இப்படி நடக்கும் என்று வைத்ததற்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் அதில் வரும்: சம்பளம் எதிர்பார்த்ததைவிட ஏறியது, ஓய்வூதியர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதெல்லாம். டிஸ்கவுன்ட் ரேட் மாற்றம் இதில் கலக்காது. தரம் 15 ஐந்து ஆண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் தரச் சொல்கிறது. அனுமானம் நேர்மையாக இருந்தால் ஒரு ஆண்டு நஷ்டம், ஒரு ஆண்டு லாபம் என்று இரண்டு பக்கமும் விழ வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டை மட்டும் தனியாக ஒதுக்கிவிட்டு மீதி நான்கைப் பாருங்கள். நான்கும் நஷ்டமாகவே, ஒரே பக்கமாக விழுந்திருந்தால், பக்கத்துப் பத்தியில் சம்பள உயர்வு 5% என்று அப்படியே நின்றுகொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.